மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் சான்று: தேர்வறையிலிருந்து பெயர்ப்பலகை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் விற்பவரின் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே வரும் எழுத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒரு தேர்வில் தேறியதைச் சொல்பவை முதல் வகை. ஒரு தொழிலைச் செய்ய அனுமதி பெற்றதைச் சொல்பவை இரண்டாம் வகை. தனியார் அமைப்பொன்று வழங்கும் தொழில்முறைத் தகுதியைச் சொல்பவை மூன்றாம் வகை. கார்டில் இவை ஒரே வரிசையில் அச்சாகும்போது வாடிக்கையாளர் மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார். அச்சிட்டுக் கொடுப்பவரும் பல நேரங்களில் அப்படித்தான் நினைக்கிறார். விநியோகஸ்தராக இத்தொழிலுக்கு வருபவர் எந்த வரிசையில் எதைப் பெற வேண்டும், பெற்றதை எந்தச் சொற்களில் காட்ட வேண்டும், எதைக் காட்டவே கூடாது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

முதல் படி: ஐந்து-ஏ தேர்வு

தேர்வை நடத்துவது என்.ஐ.எஸ்.எம். எனப்படும் தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம். இது பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான செபி உருவாக்கிய கல்வி அமைப்பு. விநியோகஸ்தர்களுக்கான தேர்வின் பெயர் ‘சீரிஸ் ஐந்து-ஏ’. முன்பு ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி நடத்திய தேர்வின் இடத்தில் 2010 ஜூன் முதல் இது நடைமுறையில் உள்ளது. நூறு மதிப்பெண்ணுக்கு நூறு வினாக்கள், இரண்டு மணி நேரம், தேர்ச்சிக்கு 50 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே எந்த வினாவையும் விடையளிக்காமல் விடுவதில் பொருளில்லை.

பாடநூல் ஃபண்டுகளின் சட்ட அமைப்பு, திட்ட ஆவணங்கள், ஒரு யூனிட்டின் மதிப்பான என்.ஏ.வி.யின் கணக்கு, வரி, முதலீட்டாளர் சேவை, இடர் அளவீடு, திட்டத் தேர்வு என்று விரிகிறது. பொருளாதாரம் படித்தவர்கள் இடரையும் வருமானத்தையும் பற்றிய அத்தியாயங்களில் நேரத்தைச் செலவிட்டு, கே.ஒய்.சி., நியமனதாரர், மைனர் கணக்கு, ‘கட்-ஆஃப்’ நேரம் ஆகியவை வரும் முதலீட்டாளர் சேவைப் பகுதியை எளிது என்று தாண்டிப் போவதுண்டு. தர்க்கத்தால் விடை கண்டுபிடிக்க முடியாத பகுதி அதுதான். விதி என்ன சொல்கிறதோ அதுவே அங்கு விடை. தேர்ச்சிக்குப் பின் நாள்தோறும் கையாள வேண்டியதும் அதுவே என்பதால், படிப்பை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

பதிவு செய்யும்போது பான் அட்டையில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், பெயரைக் கொடுக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்தை முன்னால் போடுவதா, தந்தை பெயரை விரித்துப் பின்னால் எழுதுவதா என்ற குழப்பம் எப்போதும் இருப்பதால், சான்றிதழில் ஒரு வடிவமும் பானில் வேறொரு வடிவமும் வந்துவிடுகின்றன. அடுத்த படியான ஆம்ஃபி பதிவில் இரண்டும் ஒப்பிடப்படும்போது விண்ணப்பம் நின்றுபோக இது ஒரு காரணமாகிவிடும்.

சான்றிதழ் தேர்வு நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும். அதை வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் ஃபண்ட் விற்க முடியாது. ‘தேர்வில் தேறியவர்’ என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்வதில்லை.

இரண்டாம் படி: ஏ.ஆர்.என். மற்றும் இ.யு.ஐ.என்.

விற்பனை அனுமதியாக இயங்குவது ஆம்ஃபி வழங்கும் பதிவு எண், அதாவது ஏ.ஆர்.என். ஆம்ஃபி என்பது மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்கள் 1995-இல் அமைத்த சங்கம். அது அரசுக் கட்டுப்பாட்டு அமைப்பு அல்ல. விநியோகஸ்தர்களைப் பதிவு செய்யும் பணியைச் செபியின் விதிகளுக்கு உட்பட்டு அது செய்கிறது. அமைப்புகளின் இந்த வேறுபாடு பெயர்ப்பலகை எழுதும்போது திரும்பவும் நமக்குத் தேவைப்படும்.

ஐந்து-ஏ சான்றிதழ், பான், புகைப்படம், முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் விண்ணப்பித்து, ‘உங்கள் விநியோகஸ்தரை அறியுங்கள்’ என்ற அடையாளச் சரிபார்ப்பை முடித்ததும் எண் கிடைக்கும். திரையில் அது `ARN-` என்று தொடங்கும். அதனுடன் `E` என்ற எழுத்தில் தொடங்கும் இன்னோர் எண்ணும் வரும். அதுதான் இ.யு.ஐ.என். ஏ.ஆர்.என். விற்பனை செய்யும் நிறுவனத்தையோ தனிநபரையோ குறிக்கிறது. வாடிக்கையாளரின் எதிரில் உட்கார்ந்து திட்டத்தைப் பரிந்துரைத்த ஆள் யார் என்பதை இ.யு.ஐ.என். காட்டுகிறது. வங்கியில் ஒரே ஏ.ஆர்.என்.-இன் கீழ் பல ஊழியர்கள் விற்கலாம், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி இ.யு.ஐ.என். இருக்கும். தவறான விற்பனை பற்றிப் புகார் எழுந்தால், பரிந்துரைத்த ஊழியர் வேலை மாறிப் போயிருந்தாலும் அவரைத் தேடிப் பிடிக்க இந்த எண்தான் வழி. விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், எந்த ஆலோசனையும் பெறாமல் தானாகவே முடிவெடுத்ததாக முதலீட்டாளர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டிவரும். ஆலோசனை சொல்லிவிட்டு இந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சொல்பவரிடம் வாடிக்கையாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஏ.ஆர்.என். கிடைத்த பிறகும், எந்தெந்த ஃபண்ட் நிறுவனங்களின் திட்டங்களை விற்க விரும்புகிறாரோ அந்த நிறுவனங்களில் தனித்தனியாக இணைந்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே கமிஷன் வரும்.

தனிநபரின் ஏ.ஆர்.என். காலம் அவருடைய ஐந்து-ஏ சான்றிதழின் காலத்தை ஒட்டியே செல்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் 10.3.2025 அன்று தேர்வில் தேறுகிறார், அவருடைய சான்றிதழ் 2028 மார்ச் தொடக்கம் வரை செல்லும். வேலை மும்முரத்தில் ஜூன் மாதம்தான் ஏ.ஆர்.என். பெறுகிறார். அவர் நினைப்பது போல அது 2028 ஜூன் வரை செல்லாது, மார்ச்சிலேயே முடிந்துவிடும். புதுப்பிக்க அவர் மீண்டும் தேர்வெழுதலாம், அல்லது சி.பி.இ. என்ற ஒருநாள் தொடர்கல்வி வகுப்புக்குச் செல்லலாம். அந்த வகுப்புக்கான வாய்ப்பு சான்றிதழ் முடிவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள்தான் உண்டு, அதாவது இவருக்கு 2027 மார்ச்சிலிருந்து 2028 மார்ச் வரை. ஒரு நாள் பிந்தினாலும் வகுப்பு வழி அடைபட்டு, முழுத் தேர்வையும் எழுத வேண்டியதாகிவிடும். இடைப்பட்ட காலத்தில் புதிய முதலீடு வாங்க முடியாது, பழைய முதலீடுகள் நீடிக்கும் வரை தொடர்ந்து வரும் ட்ரெயில் கமிஷனும் நின்றுபோகும். மாதச் செலவுக்கு அந்தக் கமிஷனையே நம்பியிருப்பவர் காலாவதி நாளை நாட்காட்டியில் ஓராண்டு முன்னதாகவே குறித்து வைப்பது அவசியம்.

ஆலோசகர் பாதையின் தேர்வுகள்

‘முதலீட்டு ஆலோசகர்’ என்பது சட்டப்படி வேறொரு தொழில். செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின் கீழ் அது வருகிறது. ஆலோசகர் தன் கட்டணத்தை வாடிக்கையாளரிடமிருந்தே பெறுகிறார். விநியோகஸ்தருக்கு ஃபண்ட் நிறுவனம் கமிஷன் தருகிறது. இதற்கான தேர்வுகள் சீரிஸ் பத்து-ஏ, பத்து-பி என்ற இரண்டு. ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், தேர்ச்சிக்கு 60 விழுக்காடு, அதாவது 90. தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பில் கால் பங்கு கழிக்கப்படும். தனி வினாக்களுடன், ஒரு குடும்பத்தின் நிதிநிலையைக் கொடுத்து அதன்மேல் தொடர் வினாக்கள் கேட்கும் பகுதியும் உண்டு.

மதிப்பெண் குறைப்பைப் பற்றிய அச்சம் சற்று மிகையானது என்பது என் கருத்து. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பதினாறு ஒரு மதிப்பெண் வினாக்களுக்குக் குறித்தால், சராசரியாக நான்கு சரியாகும், பன்னிரண்டு தவறாகும். நான்கு மதிப்பெண் கிடைத்து மூன்று கழியும். இழப்பில்லை. உண்மையான இழப்பு உறுதியாக நம்பிச் செய்யும் தவறுகளில் வருகிறது. 96 மதிப்பெண்ணுக்குச் சரியாகவும் 40 மதிப்பெண்ணுக்குத் தவறாகவும் விடையளித்தவர் பத்தை இழந்து 86-இல் நின்றுவிடுவார். குடும்பக் கணக்கில் பணவீக்கத்தை ஒரு முறை தவறாக எடுத்துக்கொண்டால் அதைத் தொடரும் எல்லா விடைகளும் சரியும் என்பதால், அந்தப் பகுதியின் முதல் வினாவுக்குக் கொடுக்கும் நேரம் வீணாகாது.

இந்த இரு தேர்வுகளிலும் தேறியவரும் ஆலோசகர் ஆகிவிடுவதில்லை. செபியிடம் பதிவு பெற்று, `INA` என்று தொடங்கும் எண் கிடைத்தால்தான் ஆலோசகர். தனிநபர் ஆலோசகர் விநியோகத் தொழிலைச் செய்யக்கூடாது என்பதால், ஏ.ஆர்.என். வைத்திருப்பவர் இந்தப் பக்கம் வர விரும்பினால் கமிஷன் வருமானத்தை விட்டுவிட வேண்டும். பலரும் தேர்வெழுதி, பதிவு செய்யாமலே நின்றுவிடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

சி.எஃப்.பி. தகுதி

சான்றிதழ் பெற்ற நிதித் திட்டமிடுநர் என்ற சி.எஃப்.பி. தகுதியை இந்தியாவில் வழங்குவது எஃப்.பி.எஸ்.பி. இந்தியா என்ற அமைப்பு. முதலீடு, ஓய்வுக்காலமும் வரியும், இடரும் சொத்து வாரிசுத் திட்டமிடலும் என்ற மூன்று சிறப்புப் பாடங்களை முடித்து, பிறகு எல்லாவற்றையும் இணைத்து ஒரு முழு நிதித் திட்டம் தயாரிக்கும் இறுதிக் கட்டத்தையும் தாண்ட வேண்டும். அதற்கு மேல் பணி அனுபவமும் நடத்தை நெறிக்கான ஒப்புதலும் தேவை. பெற்ற தகுதியை உரிய காலத்தில் புதுப்பித்தும் வர வேண்டும். ஐந்து-ஏ தேர்வோடு ஒப்பிட்டால் பாடத்தின் ஆழம் பல மடங்கு அதிகம்.

ஆனாலும் சட்டத்தின் பார்வையில் இது படிப்பு, அனுமதி ஆகாது. சி.எஃப்.பி. மட்டும் வைத்திருப்பவர் ஃபண்ட் விற்க ஏ.ஆர்.என். வேண்டும், கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை சொல்லச் செபி பதிவு வேண்டும். மேலும் அந்த எழுத்துகள் வணிகச் சின்னமாகக் காக்கப்படுபவை. இறுதித் தேர்வில் தேறினாலும் தகுதி முறைப்படி வழங்கப்படும் வரை பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது. புதுப்பிக்காமல் விட்டவரும் எடுத்துவிட வேண்டும்.

ஒரு கார்டைத் திருத்துவோம்

மேலே கண்ட அதே நபர் ஏ.ஆர்.என். பெற்றதும் கார்டு அடிக்கிறார் என்று கொள்வோம். பத்து-ஏ தேர்விலும் தேறியிருக்கிறார், சி.எஃப்.பி.யின் முதல் பாடத்தை முடித்திருக்கிறார். அச்சகத்துக்கு அவர் கொடுத்த வரிகள் இவை: ‘நிதி ஆலோசகர்’, ‘செபி அங்கீகாரம் பெற்றவர்’, ‘என்.ஐ.எஸ்.எம். சான்று பெற்ற முதலீட்டு ஆலோசகர்’, ‘சி.எஃப்.பி. (பயிற்சியில்)’. நான்கும் தவறு, ஒவ்வொன்றின் காரணமும் வேறு.

முதல் வரிக்கு எதிராக நேரடியான விதியே உள்ளது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதலீட்டு ஆலோசகராகப் பதிவு பெறாத விநியோகஸ்தர் எவரும் ‘சுயேச்சை நிதி ஆலோசகர்’, ‘செல்வ ஆலோசகர்’ ஆகிய பெயர்களையோ அவற்றை ஒத்த வேறு பெயரையோ பயன்படுத்தக்கூடாது. ‘ஒத்த பெயர்’ என்ற தொடர் இருப்பதால், ஆங்கிலத்தில்தானே தடை, தமிழ்ப் பலகையில் எழுதினால் என்ன என்ற வாதம் நிற்காது. நம் ஊர்களின் கடைத்தெருவில் ஆங்கில வரியைத் திருத்தியவர்களின் பலகையில்கூடத் தமிழ் வரி பழையபடியே நிற்பதைப் பார்க்கலாம். வாட்ஸாப் பெயர், மின்னஞ்சலின் கையெழுத்துப் பகுதி, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல்தான். நிறுவனப் பெயரிலேயே ஆலோசனை என்ற பொருள் இருந்தால் பெயரையே மாற்ற வேண்டிவரலாம், ஆகவே ஏ.ஆர்.என்.-க்கு விண்ணப்பிக்கும் முன்பே பெயரை முடிவு செய்வது செலவைக் குறைக்கும்.

இதன் பொருள் விநியோகஸ்தர் வாயே திறக்கக்கூடாது என்பதன்று. விற்பனையை ஒட்டி, அதற்குத் துணையாகச் சொல்லப்படும் ஆலோசனைக்கு ஆம்ஃபியில் பதிவு பெற்றவர்களுக்கு விதிமுறையே விலக்கு அளிக்கிறது. ஆலோசனையைத் தனித் தொழிலாகக் காட்டிக்கொள்வதும் அதற்கெனக் கட்டணம் பெறுவதும்தான் தடை.

இரண்டாம் வரி உண்மைக்கு மாறானது. அவரைப் பதிவு செய்தது ஆம்ஃபி, செபி அல்ல. மூன்றாம் வரி தேர்வையும் பதிவையும் கலக்கிறது. பத்து-ஏ தேர்ச்சியைக் காட்ட விரும்பினால், கல்வித் தகுதிகளின் வரிசையில் ‘என்.ஐ.எஸ்.எம். பத்து-ஏ தேர்வில் தேர்ச்சி’ என்று மட்டும் எழுதலாம். என்னைக் கேட்டால் கார்டில் அதைத் தவிர்த்து, வாடிக்கையாளர் கேட்கும்போது வாய்மொழியாக விளக்குவதே மேல். ஏனெனில் தேர்வின் பெயரிலேயே ‘முதலீட்டு ஆலோசகர்’ என்ற தொடர் இருக்கிறது, படிப்பவர் கண்ணில் அதுதான் படும். நான்காம் வரியில் ‘பயிற்சியில்’ என்று நேர்மையாகச் சேர்த்திருந்தாலும், வழங்கப்படாத சின்னத்தை அவர் பயன்படுத்துகிறார். முடித்த பாடத்தின் பெயரை அமைப்பு வழங்கிய வடிவத்தில் குறிப்பிடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

திருத்திய கார்டில் பெயருக்கு அடுத்த வரியாக ‘ஆம்ஃபியில் பதிவுபெற்ற மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்’ என்று வரும். அடுத்து ஏ.ஆர்.என். எண். இணையதளம் இருந்தால் அங்கே முதற்பதிவு நாளையும் தற்போதைய காலாவதி நாளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். திட்டங்களைப் பற்றிய எந்த விளம்பரத்திலும் சந்தை இடர் எச்சரிக்கை இடம்பெறும். கார்டு முன்பைவிடச் சற்று வெறுமையாகத்தான் தெரியும். கார்டில் இடம் மிஞ்சினால் அலுவலக நேரத்தைப் போடலாம். வாடிக்கையாளருக்கு அதுவாவது பயன்படும்.

இ.யு.ஐ.என். எண்ணைக் கார்டில் போடுவது பெரும்பாலும் வழக்கமில்லை, அது படிவத்தில் வரவேண்டிய எண். ஆனால் ஊழியர்களை வைத்து நடத்தும் நிறுவனமாக இருந்தால், ஊழியரின் கார்டில் நிறுவனத்தின் ஏ.ஆர்.என்.-உடன் அவருடைய இ.யு.ஐ.என். எண்ணையும் அச்சிடுவது நல்ல பழக்கம். படிவத்தில் எழுதிய எண் எதிரில் இருப்பவருடையதுதானா என்று வாடிக்கையாளர் உடனே ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.

செபியில் பதிவு பெற்ற ஆலோசகருக்கு வேறு ஒழுங்கு. பதிவேட்டில் உள்ளபடி முழுப்பெயர், பதிவு எண், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். செபி பதிவும் என்.ஐ.எஸ்.எம். சான்றும் ஆலோசகரின் செயல்திறனுக்கோ வருமானத்துக்கோ உத்தரவாதம் ஆகா என்ற அறிவிப்பும் உடன் வரவேண்டும். செபியின் சின்னத்தை அவர்கூடத் தன் விளம்பரத்தில் பயன்படுத்தக்கூடாது. ஆகையால் ஒரு பலகையில் அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் நம்பிக்கை கூட வேண்டியதில்லை. ஐயம்தான் எழ வேண்டும்.

சுவரில் மாட்டும் சான்றிதழ்கள்

அலுவலகச் சுவரில் மாட்டப்படுபவை பெரும்பாலும் காலாவதியானவை. மாட்டியவர் ஏமாற்ற நினைப்பதில்லை. புதுப்பித்த சான்றிதழ் மின்னஞ்சலில் வருகிறது, அச்சிட்டுச் சட்டம் போட மறந்துவிடுகிறார். வாடிக்கையாளருக்கு மறதியையும் ஏமாற்றையும் வேறுபடுத்திப் பார்க்க வழியில்லை. ஐந்து-ஏ சான்றிதழையும் ஏ.ஆர்.என். அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, புதுப்பிக்கும் நாளில் இரண்டையும் சேர்த்தே மாற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும். ஃபண்ட் நிறுவனங்கள் விற்பனை இலக்கை எட்டியதற்காகத் தரும் பாராட்டுப் பட்டயங்களை அதே சுவரில் மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அவற்றின் வடிவமைப்பு தகுதிச் சான்றைப் போலவே இருக்கும், ஆனால் அவை சொல்வது எவ்வளவு விற்றார் என்பதை மட்டுமே.

வாடிக்கையாளர் சரிபார்க்க இரண்டு இடங்கள் உள்ளன. விநியோகஸ்தர் என்றால் `amfiindia.com` தளத்தில் விநியோகஸ்தரைத் தேடும் பகுதியில் ஏ.ஆர்.என். எண்ணை இட்டு, வரும் பெயரையும் காலாவதி நாளையும் பார்க்கலாம். ஆலோசகர் என்றால் `sebi.gov.in` தளத்தில் பதிவுபெற்றவர்களின் பட்டியலில் முதலீட்டு ஆலோசகர் பிரிவில் தேடலாம். இருவகைப் பதிவும் தனக்கு உண்டு என்று ஒரு தனிநபர் சொன்னால், விதிப்படி அது இருக்க முடியாது என்பதால் இரண்டு தளங்களிலும் தேடிப் பார்க்க வேண்டும். எண் சரியாக இருந்து பெயர் மட்டும் வேறாக வந்தால், பெரும்பாலும் அது முதலாளியின் அல்லது குடும்பத்தினர் ஒருவரின் ஏ.ஆர்.என். ஆக இருக்கும். அப்போது எதிரில் இருப்பவரின் இ.யு.ஐ.என். எண்ணைக் கேட்டு, அது அந்த ஏ.ஆர்.என்.-இன் கீழ் உள்ளதா என்று தெரிந்துகொண்ட பிறகே படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.